போன், லேப்டாப் இரண்டோடும் இணைந்த இயர்பட்ஸ்: ஒலி ஏன் தாவுகிறது, எப்போது தாவ மறுக்கிறது?

கேள்வி: "என் இயர்பட்ஸ் ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ் லேப்டாப் ரெண்டுலயும் ஒரே நேரத்துல கனெக்ட் ஆகுது. ஆனா போன்ல பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு நின்னுடுது. லேப்டாப்ல மீட்டிங் வந்தா பழைய டெலிபோன் மாதிரி கேக்குது. மீட்டிங் முடிஞ்ச பிறகும் போன் பாட்டு வர்றதில்ல. எல்ஈ ஆடியோ இருக்கிற இயர்பட்ஸ் வாங்கினா எல்லாம் சரியாகுமா?"

புதிது வாங்குவதற்கு முன், இவை ஒரே கோளாறு அல்ல என்பதைப் பார்த்துவிடலாம். மூன்றுக்கும் மூன்று காரணங்கள். முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் லேப்டாப்பில் சில அமைப்புகளை மாற்றினாலே தீர்ந்துவிடும், பணம் செலவில்லை. இரண்டாவது பழைய ப்ளூடூத்தின் வடிவமைப்பிலேயே இருக்கும் குறை. ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்ஈ ஆடியோ அதை உண்மையாகவே தீர்க்கிறது, ஆனால் உங்கள் லேப்டாப்பும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

இரண்டு சாதனங்களோடு இணைந்திருப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான இயர்பட்ஸ் 'கிளாசிக்' எனப்படும் பழைய ப்ளூடூத்தில்தான் ஒலியை வாங்குகின்றன. அதில் போனோ லேப்டாப்போதான் தலைமை. தாளம் போடுவது அதன் கடிகாரம். நேரம் 625 மைக்ரோ நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை மாறுகிறது. இயர்பட்ஸ் அந்தத் தாளத்தைப் பின்பற்றிக் கூடவே தாவிக்கொண்டிருக்கும். மல்டிபாயின்ட் என்பது ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு இரண்டு தலைமைகளின் தாளத்தையும் மாறி மாறிப் பின்பற்றுவது. போனின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சிறுகச் சிறுக விலகிக்கொண்டே இருக்கும் இரண்டு தாளங்களுக்கு நடுவே இயர்பட்ஸ் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. பேசாமல் இருக்கும் சாதனத்தோடு அவ்வப்போது ஒரு கணம் தலைகாட்டிவிட்டு, மிச்ச நேரத்தைப் பாட்டு அனுப்பும் சாதனத்துக்குக் கொடுக்கிறது.

இரண்டு இணைப்பு இருந்தாலும் காதில் விழுவது ஒன்றின் ஒலிதான். இரண்டையும் கலந்து தருவது இந்த ஏற்பாட்டின் நோக்கமே அல்ல. ஆகவே யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பது போனும் அல்ல, விண்டோஸும் அல்ல. இயர்பட்ஸுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர்தான். எந்தச் சாதனத்துக்கு முன்னுரிமை, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி எழுதிக்கொள்கிறார்கள். ஒரே விலையில், ஒரே ப்ளூடூத் பதிப்பு எண்ணோடு வரும் இரண்டு இயர்பட்ஸ் முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான். பெட்டியில் 'மல்டிபாயின்ட்' என்று அச்சிட்டிருந்தால் இரண்டு இணைப்பு இருக்கும் என்பது மட்டுமே உறுதி. தாவல் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தச் சொல் உத்தரவாதம் இல்லை.

இனி உங்கள் முதல் பிரச்சினை. போனில் பாட்டு ஓடுகிறது. லேப்டாப்பில் நீங்கள் எதையும் ஓட்டவில்லை, ஆனால் ஒரு மின்னஞ்சல் வந்து 'டிங்' என்கிறது. உங்களுக்கு அது அரை நொடிச் சத்தம். விண்டோஸுக்கு அப்படியில்லை. அந்த அரை நொடிக்காகவும் அது இயர்பட்ஸிடம் 'ஒலி அனுப்பத் தொடங்குகிறேன்' என்று ஒரு முழு ஸ்ட்ரீமைத் திறக்கிறது. முழுநீளப் படம் ஓட்டும்போது வருவதும் இதே கட்டளைதான். பழைய ப்ளூடூத்தில் பாட்டுக்கான வழியின் பெயர் ஏ2டிபி. அந்த வழியில் 'இது அறிவிப்புச் சத்தம்', 'இது படம்' என்று சொல்ல இடமே கிடையாது. இயர்பட்ஸுக்குத் தெரிவதெல்லாம் லேப்டாப் தொடங்கிவிட்டது என்பது மட்டும்.

இங்கே ஃபர்ம்வேர் இரண்டில் ஒன்றைச் செய்யும். 'பிந்தி வந்தவருக்கே இடம்' என்று எழுதியிருந்தால், போனுக்கு ஒரு பாஸ் கட்டளை அனுப்பிவிட்டு லேப்டாப்புக்குத் தாவும். சத்தம் முடிந்த பிறகும் விண்டோஸ் அந்த ஸ்ட்ரீமைச் சில நொடிகள் திறந்தே வைத்திருக்கும். போனிலோ பாட்டு உண்மையாகவே பாஸ் ஆகிவிட்டது, யாராவது மறுபடி ப்ளே அழுத்தினால்தான் ஓடும். நீங்கள் அனுபவிப்பது இதுதான். 'முந்தி வந்தவருக்கே இடம்' என்று எழுதியிருந்தால் நேர் எதிர்: லேப்டாப் ஸ்ட்ரீமை இயர்பட்ஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் காதில் விடாது. அப்படிப்பட்ட மாடல் வைத்திருப்பவர்கள் 'லேப்டாப்பில் வீடியோ ஓடுது, சத்தமே வரல' என்று புகார் சொல்வார்கள். போனில் பாஸ் அழுத்திச் சில நொடி பொறுத்தால் வந்துவிடும். இரண்டு கொள்கைகளில் எது சரி என்று வாதிடலாம். அலுவலக லேப்டாப்போடு வாழ்பவர்களுக்கு இரண்டாவதுதான் நிம்மதி என்பது என் கருத்து. சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஆப்பில் இதைத் தேர்வு செய்ய விடுகிறார்கள். உங்கள் இயர்பட்ஸின் ஆப்பில் மல்டிபாயின்ட் அமைப்புக்குப் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் லேப்டாப்பின் வாயை அடைக்க வேண்டியதுதான். விண்டோஸில் வின் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் சாளரத்தில் Sounds என்ற தாவலுக்குப் போய், Sound Scheme என்ற இடத்தில் No Sounds என்பதைத் தேர்ந்தெடுத்து Apply கொடுங்கள். இதனால் விண்டோஸின் சொந்தச் சத்தங்கள் நின்றுவிடும். அரட்டை ஆப்கள் தம் சத்தத்தைத் தாமே எழுப்புபவை, அவற்றின் அமைப்புகளுக்குள் போய்த் தனித்தனியாக நிறுத்த வேண்டும். பிரவுசரில் திறந்து கிடக்கும் தாவல்களையும் மறக்காதீர்கள். ஒலியை முடக்கி ஓடும் விளம்பர வீடியோகூடச் சில சமயம் மௌனத்தையே ஸ்ட்ரீமாக அனுப்பிக்கொண்டிருக்கும். காதுக்குக் கேட்காது, ஆனால் இயர்பட்ஸுக்கு அது ஒரு ஸ்ட்ரீம்தான். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பாட்டு நின்ற அந்தக் கணத்தில் லேப்டாப்பின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு அரை மணி நேரம் போனில் மட்டும் கேளுங்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் குற்றவாளி லேப்டாப்தான். அப்போதும் நின்றால் இது தாவல் பிரச்சினை அல்ல; இயர்பட்ஸைக் காதிலிருந்து எடுத்தால் பாஸ் ஆகும் சென்சாரையோ, போனின் பேட்டரிச் சிக்கன அமைப்பையோ பார்க்க வேண்டும்.

பாஸ் ஆவதையும் விட்டு விட்டுக் கேட்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். போன் திரையில் பாஸ் குறி தெரிந்தால் அது யாரோ கொடுத்த கட்டளை. திரையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்து, காதில் மட்டும் துண்டு துண்டாக விழுந்தால் அது ரேடியோ நேரப் பற்றாக்குறை அல்லது குறுக்கீடு. லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ப்ளூடூத்தும் அதே 2.4 பட்டையில்தான் வாழ்கிறது. கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை; போனில் எல்டாக் போன்ற உயர்தரக் கோடெக் ஓடினால் எஸ்பிசி அல்லது ஏஏசிக்கு இறக்குங்கள். எல்டாக் அதிகபட்சமாக நொடிக்கு 990 கிலோபிட் கேட்கும். எஸ்பிசி வழக்கமான உயர்தர அமைப்பில் 328 கேட்கும். இரண்டு இணைப்புகளுக்குப் பங்கிட வேண்டிய ரேடியோவில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. மல்டிபாயின்ட்டைப் போட்டால் எல்டாக் தானாகவே அணைந்துவிடும் மாடல்கள் இருப்பது இதை முன்னிட்டே.

இரண்டாவது பிரச்சினை, மீட்டிங்கில் கேட்கும் டெலிபோன் குரல். ஏ2டிபி ஒருவழிப் பாதை. லேப்டாப்பிலிருந்து காதுக்கு ஸ்டீரியோ வரும், காதிலிருந்து லேப்டாப்புக்கு எதுவும் போகாது. இயர்பட்ஸின் மைக் தேவைப்பட்ட உடனே எல்லாம் வேறொரு வழிக்கு மாறுகிறது. அதன் பெயர் எச்எஃப்பி, காரில் கையைப் பயன்படுத்தாமல் பேசுவதற்கென்று வந்தது. அதில் இரு திசையிலும் ஒலி உண்டு, ஆனால் மோனோ. மிகப் பழைய கோடெக்கில் நொடிக்கு 8000 மாதிரிகள்தான் எடுக்கப்படும், அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. பரவலாக இருக்கும் அடுத்த கோடெக்கில் 16,000 மாதிரிகள், 8 கிலோஹெர்ட்ஸ் வரை. 'ஸ' போன்ற உரசொலிகளின் கூர்மையில் பெரும்பகுதி 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் படுவது அதனால்தான். 5000 ரூபாய் இயர்பட்ஸானாலும் 25,000 ரூபாய் இயர்பட்ஸானாலும் இந்த வழிக்குள் நுழைந்துவிட்டால் கதி ஒன்றுதான்.

இதிலிருந்து இன்றே தப்பிக்க வழி உண்டு: கேட்பது இயர்பட்ஸில், பேசுவது லேப்டாப்பின் சொந்த மைக்கில். மீட்டிங் ஆப்பின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையும் மைக்குக்கு லேப்டாப்பின் உள்மைக்கையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரே இயர்பட்ஸ் இரண்டு பெயர்களில் தெரியும். Stereo என்று முடிவதை எடுங்கள், Hands-Free AG Audio என்பதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டிருக்கும், அங்கே மைக்கை மட்டும் மாற்றினால் போதும். mmsys.cpl சாளரத்தின் Recording தாவலிலும் லேப்டாப் மைக்கை Default Device ஆகவும் Default Communication Device ஆகவும் வைத்துவிடுங்கள். அப்போது ஆப் தன்னிஷ்டப்படி எதையாவது பிடித்தாலும் இயர்பட்ஸின் மைக்கைப் பிடிக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் விசைப்பலகைச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மறுமுனைக்குக் கூடுதலாகப் போகும். அத்துடன் ஏ2டிபி வழியில் ஒலி தாமதமாக வரும், 150 முதல் 250 மில்லி நொடி வரை சாதாரணம். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் கூட்டத்தில் இது தெரியாது. வேகமாக மாறி மாறிப் பேசும் இருவர் உரையாடலில் அடிக்கடி ஒருவர் மீது ஒருவர் பேச்சு மோதும். அப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மட்டும் இயர்பட்ஸின் மைக்கைப் பயன்படுத்துங்கள், தரம் குறைந்தாலும் உரையாடல் ஓடும்.

மூன்றாவது பிரச்சினையும் இதே மைக்கோடு கட்டுண்டது. அழைப்பு வழி திறந்திருக்கும்போது அதற்கு ஒதுக்கிய நேரம் ரேடியோவில் விடாமல் வந்துகொண்டே இருக்கும். பரவலான கோடெக்கில் ஒரு துண்டு ஒலியின் நீளம் 7.5 மில்லி நொடி. அதற்கிடையே கிடைக்கும் சொச்ச நேரத்தில் போனிலிருந்து ஸ்டீரியோ பாட்டை இழுப்பது சிரமம். அதோடு, அழைப்பே முக்கியம் என்பது எல்லா ஃபர்ம்வேரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆகவே லேப்டாப் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கும்வரை போன் பாட்டுக்கு இடமில்லை. போனில் வரும் செல் அழைப்பு என்றால் 'மணி அடிக்கிறது', 'எடுத்தாயிற்று', 'முடிந்தது' என்று போன் தெளிவாகச் சொல்லும். லேப்டாப் அப்படிச் சொல்லாத சந்தர்ப்பங்கள் நிறைய. ஏதோ ஒரு நிரல் மைக்கைத் திறந்தது, எனவே அழைப்பு வழியும் திறந்தது; இயர்பட்ஸுக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவே. அது மீட்டிங்கா, குரல் தட்டச்சா, மூட மறந்த பிரவுசர் தாவலா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

'நான் மியூட் செய்துதானே வைத்திருந்தேன்' என்று பலர் கேட்பதுண்டு. மியூட் என்பது உங்கள் குரலை மறுமுனைக்கு அனுப்பாமல் இருப்பது. மைக்கை மூடுவது அல்ல. 'நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்' என்று பேசும்போது எச்சரிக்கை வருகிறதே, மைக் திறந்திருப்பதால்தான் அது வருகிறது. அதேபோல் மீட்டிங்கை விட்டு வெளியேறிய பின் வரும் 'மறுபடி சேரவா?' பக்கத்தை மூடாமல் விட்டால், சில ஆப்கள் அங்கேயும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸ் 11இல் ஏதாவது ஒரு நிரல் மைக்கைப் பயன்படுத்தினால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிறிய மைக் சின்னம் தெரியும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எந்த நிரல் என்று பெயரே வரும். Settings, அதில் Privacy & security, அதில் Microphone என்று போனால் Recent activity பகுதியில் சமீபத்தில் எவை பயன்படுத்தின என்ற பட்டியலும் உண்டு. உங்கள் நிலைமையையே எடுத்துக்கொள்வோம். காலை 11 மணி மீட்டிங் 11.30க்கு முடிகிறது. போனில் ப்ளே அழுத்துகிறீர்கள். திரையில் பாட்டு ஓடுகிறது, காதில் ஒன்றுமில்லை. லேப்டாப் மூலையில் மைக் சின்னம் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்தப் பெயருள்ள நிரலை அல்லது தாவலை மூடுங்கள், சில நொடிகளில் போன் பாட்டு வர வேண்டும். வந்துவிட்டால் காரணம் உறுதி. சின்னம் இல்லாமலேயே பாட்டு வரவில்லை என்றால், லேப்டாப் ஏதோ ஒரு மௌன ஸ்ட்ரீமை ஏ2டிபியில் அனுப்பிக்கொண்டிருக்கலாம், அல்லது ஃபர்ம்வேர் சிக்கிக்கொண்டிருக்கலாம். பிரவுசரை முழுவதுமாக மூடிப் பாருங்கள். அதற்கும் அசையாமல், இயர்பட்ஸைப் பெட்டியில் வைத்து எடுத்தால் மட்டும் சரியானால், அது ஃபர்ம்வேர் கோளாறு. ஆப்பில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர உங்கள் பக்கம் செய்வதற்கு அதிகம் இல்லை.

இயர்பட்ஸின் மைக் லேப்டாப்புக்குத் தேவையே இல்லை என்று முடிவுசெய்தால் நிரந்தரமான வழி ஒன்றும் இருக்கிறது. Settings, Bluetooth & devices, Devices என்று போய்க் கீழே More devices and printer settings என்பதைத் திறங்கள். இயர்பட்ஸின் மேல் வலது சொடுக்கிட்டு Properties, அதில் Services தாவல். அங்கே Handsfree Telephony என்பதன் குறியை எடுத்துவிட்டு OK கொடுங்கள். இனி லேப்டாப்பால் அழைப்பு வழியைத் திறக்கவே முடியாது. மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது பிரச்சினைகள் இரண்டும் இந்த ஒரு குறியோடு போய்விடும். இயர்பட்ஸை அழித்து மறுபடி இணைத்தால் குறி திரும்ப வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது எல்ஈ ஆடியோ. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும், கடைகளில் இதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. 'லோ எனர்ஜி' ப்ளூடூத் பல வருடங்களாக இருக்கிறது. உங்கள் இப்போதைய இயர்பட்ஸ்கூட தன் ஆப்போடு பேச அதைப் பயன்படுத்தக்கூடும். அதன் வழியாக ஒலியையே அனுப்புவதுதான் எல்ஈ ஆடியோ. இதற்கான அடிப்படை 5.2 பதிப்போடு 2020இல் வந்தது, மொத்த விவரக்குறிப்புகளும் 2022இல் நிறைவடைந்தன. ஆனால் அந்த அடிப்படை 5.2இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் விருப்பப் பகுதிதான், கட்டாயம் அல்ல. ஆகவே பெட்டியில் 'ப்ளூடூத் 5.3', '5.4' என்று இருப்பதால் எல்ஈ ஆடியோ இருக்கிறது என்று பொருள் இல்லை. 'எல்ஈ ஆடியோ' என்றோ 'எல்சி3' என்றோ 'ஆராகாஸ்ட்' என்றோ வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் மூன்று பிரச்சினைகளில் இரண்டாவதை இது வேரோடு தீர்க்கிறது. பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு ஒரு வழி என்ற பிரிவினையே இதில் இல்லை. ஒரே விதமான ஸ்ட்ரீம், ஒரே கோடெக் எல்சி3, தேவைப்பட்டால் இரு திசையிலும். எல்சி3 சிக்கனமானது. 48 கிலோஹெர்ட்ஸில் காதுக்கு 96 கிலோபிட் போதும், இரண்டு காதுக்கும் சேர்த்து 192. பழைய எஸ்பிசியின் 328ஓடு ஒப்பிட்டால் ரேடியோவில் எவ்வளவு இடம் மிச்சமாகிறது என்று புரியும். அந்த மிச்சத்தில்தான் மைக் ஒலி திரும்பிப் போகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, எல்ஈ ஆடியோ இணைப்பில் மைக் திறந்திருக்கும்போதும் 32 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ கேட்க முடிகிறது. மீட்டிங் தொடங்கியதும் போர்வை விழுவது இதோடு நின்றுவிடும். பழைய முறையில் போன் ஒரு காதோடுதான் பேசும், மற்ற காது அதை ஒட்டுக்கேட்கவோ அதனிடமிருந்து வாங்கவோ செய்யும். இதில் இரண்டு காதுக்கும் தனித்தனி ஸ்ட்ரீம் நேரடியாக வருகிறது.

தாவல் விஷயத்தில் என் பதில் 'ஆம்' என்று முடியாது. எல்ஈ ஆடியோவில் ஸ்ட்ரீம் திறக்கும் சாதனம், எதற்காகத் திறக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறது: பாட்டு, உரையாடல், மணி, அறிவிப்பு, விளையாட்டு என்று வகைகள் இருக்கின்றன. இயர்பட்ஸும் ஒவ்வொரு சாதனத்திடமும் 'இப்போது இன்னின்ன வகைக்கு மட்டும் இடம் இருக்கிறது' என்று அறிவிக்கலாம். போனில் பாட்டு ஓடும்போது லேப்டாப்பிடம் 'அறிவிப்புச் சத்தம் வேண்டாம், அழைப்பு வந்தால் மட்டும் வா' என்று சொல்வதற்கான மொழி இதில் இருக்கிறது. முன்பு இயர்பட்ஸிடம் தகவலே இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது. ஆனால் அந்தத் தகவலை வைத்து என்ன முடிவெடுப்பது என்பது இன்றும் தயாரிப்பாளர் கையில்தான். லேப்டாப் தன் ஒலிக்குச் சரியான வகையைச் சொல்கிறதா என்பதும் அதன் மென்பொருளைப் பொறுத்தது. ஆகவே தரத்தைப் பற்றிய வாக்குறுதியை நம்பலாம். தாவலைப் பற்றியதை மாடல் மாடலாகச் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு கண்ணி, உங்கள் போன் எல்ஈ ஆடியோவிலும் லேப்டாப் கிளாசிக்கிலும் இருந்தால் வருவது. இயர்பட்ஸ் இரண்டு வேறு விதமான ரேடியோ முறைகளை ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். எல்ஈ ஆடியோவை இயக்கிய உடனே மல்டிபாயின்ட்டை அணைத்துவிடும் மாடல்கள் சந்தையில் உண்டு. இதைப் பெட்டி சொல்லாது, தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்குவதற்கு முன் தேட வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

லேப்டாப் தயாரா என்று பார்க்க, Settings, Bluetooth & devices, Devices பக்கத்தில் Device settings பகுதிக்குப் போங்கள். Use LE Audio when available என்ற சுவிட்ச் இருந்தால் உங்கள் லேப்டாப் எல்ஈ ஆடியோவுக்குத் தயார். அந்த வரியே காணவில்லை என்றால் இல்லை. ப்ளூடூத் சிப் புதியதாக இருந்தால் மட்டும் போதாது, லேப்டாப்பின் ஒலிப் பகுதிக்கான டிரைவரும் இதற்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்தில் இரண்டு டிரைவர்களையும் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், எல்ஈ ஆடியோவைத் தானே கையாளும் யூஎஸ்பி டிரான்ஸ்மிட்டர்கள் கிடைக்கின்றன. இவை லேப்டாப்புக்கு ஒரு சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டு போலத் தெரியும், அதனால் விண்டோஸின் ப்ளூடூத்தைச் சார்ந்திருக்காது. விலை மலிவான சாதாரண யூஎஸ்பி ப்ளூடூத் அடாப்டர் இந்த வேலையைச் செய்யாது, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கவனம் தேவை. ஆண்ட்ராய்டு 13 முதல் எல்ஈ ஆடியோவுக்கு இடம் இருக்கிறது, ஆனால் போனின் சிப்பும் ஒத்துழைக்க வேண்டும். இணைத்த இயர்பட்ஸின் விவரப் பக்கத்தில் அதற்கென்று தனி சுவிட்ச் தெரிந்தால் உண்டு என்று கொள்ளுங்கள்.

இணைக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. சில இயர்பட்ஸ் தேடல் பட்டியலில் இரண்டு முறை வரும், ஒன்றின் பெயருக்கு முன் LE_ என்று இருக்கும். அது பல மாடல்களில் ஆப்புக்கான இணைப்புதான், எல்ஈ ஆடியோ அல்ல. அதைத் தேர்ந்தெடுத்தால் 'இணைந்தது' என்று காட்டும், சத்தம் வராது. எல்ஈ ஆடியோவை இயக்கிய பிறகு போன், லேப்டாப் இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைப்பதே பாதுகாப்பு.

கணக்கை வைத்துத் தாவும் முறைகளைப் பற்றியும் ஒரு சொல். ஏர்பாட்ஸ் ஐபோனிலிருந்து மேக்குக்குத் தாவுவது மல்டிபாயின்ட் அல்ல. ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் சாதனங்கள் தமக்குள் பேசி இணைப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன. சாம்சங்கிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. அந்தக் குடும்பத்துக்குள் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஏர்பாட்ஸுக்கு உங்கள் விண்டோஸ் லேப்டாப் அந்தக் குடும்பத்துக்கு வெளியே. உங்கள் கூட்டணிக்கு மல்டிபாயின்ட்தான் வழி.

ஆக, முதலில் Handsfree Telephony குறியை எடுத்து, விண்டோஸ் சத்தங்களை நிறுத்தி, இப்போதைய இயர்பட்ஸோடு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் மைக்கில் பேசுவது உங்களுக்கு ஒத்துவந்தால் வாங்கவே வேண்டியதில்லை. ஒத்துவரவில்லை, லேப்டாப்பில் அந்த எல்ஈ ஆடியோ சுவிட்சும் இருக்கிறது என்றால் மட்டும் புதியதை வாங்குங்கள், திருப்பித் தரும் வசதியோடு. வந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு விஷயங்களைச் சோதித்துவிடுங்கள். போனில் பாட்டு ஓட லேப்டாப்பில் ஒரு வீடியோவைத் தொடங்கி, எது ஜெயிக்கிறது என்று பாருங்கள். லேப்டாப்பில் மீட்டிங் ஆப்பைத் திறந்து, மைக் திறந்ததும் குரலின் தரம் விழுகிறதா என்று கேளுங்கள். அந்த மீட்டிங்குக்கு நடுவே வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைத்து, மணி காதில் விழுகிறதா, எடுத்தால் மீட்டிங் என்னவாகிறது என்று பாருங்கள். கடைசியாக மீட்டிங்கை மூடிவிட்டு போனில் ப்ளே அழுத்தி, பாட்டு வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குள் வந்தால் வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் வைத்து எடுத்தால்தான் வருகிறது என்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.